88 லட்ச ரூபாய் மனை, இரண்டு வக்கீல் கட்டணம்: ஒரு கிரய ஒப்பந்தத்தின் கணக்கு

கோயம்புத்தூர் புறநகரில் ஐந்தரை சென்ட் மனை. அதன்மேல் ஒரு பழைய ஓட்டு வீடு நிற்கிறது, அதற்கு யாரும் விலை போடவில்லை. சென்ட் 16 லட்சம் என்று பேசி, மொத்தம் 88 லட்சத்துக்கு முடிவானது. வாங்குபவர்கள் கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பணம் சேமிப்பு, பாதி வங்கிக் கடன். அட்வான்ஸ் 10 லட்சம் கொடுத்து அக்ரிமெண்ட் போடலாம் என்று விற்பவர்கள் சொன்னதும் இரண்டு வக்கீல்களிடம் கட்டணம் கேட்டிருக்கிறார்கள்.

முதலாமவர் விலையில் அரை சதவீதம் கேட்டார், அதாவது 44,000 ரூபாய். பத்திரங்களைப் பார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, கிரயப் பத்திரம் எழுதுவது, பதிவு நாளில் கூட வருவது எல்லாம் அதில் அடக்கம். பாதி இப்போது, பாதி பதிவன்று. இரண்டாமவர் வேலையைப் பிரித்துச் சொன்னார். பத்திரங்களைப் படித்து எழுத்தில் லீகல் ஒப்பீனியன் தர 12,000. ஒப்பந்தம் எழுத 10,000. கிரயப் பத்திரம் எழுதிப் பதிவுக்கு வர 8,000. இதற்கு வெளியே ஏதாவது ஆவணம் எழுத வேண்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2,500. ஆக அடிப்படைக் கணக்கு 30,000.

நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் பத்திரம் படித்தவன் என்பதால் இந்த இரண்டு கணக்கையும் என்னிடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யார் என்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டச் சிக்கலும் தொகைகளின் கணக்கும் அப்படியே இருக்கின்றன.

எதன்மேல் சதவீதம்?

30,000-க்கும் 44,000-க்கும் 14,000 வித்தியாசம் என்று அவர்கள் எடுத்த எடுப்பிலேயே முடிவுக்கு வந்திருந்தார்கள். அதற்கு முன்னால் முதல் வக்கீலின் "சொத்து மதிப்பு" எது என்று கேட்கச் சொன்னேன். தமிழ்நாட்டில் ஒரே மனைக்கு இரண்டு மதிப்பு உண்டு. ஒன்று இரு தரப்பும் பேசிய விலை. இன்னொன்று பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, பேச்சில் கைட்லைன். இந்தத் தெருவுக்கு கைட்லைன் சதுர அடி 1,800 ரூபாய். ஐந்தரை சென்ட் என்பது ஏறக்குறைய 2,396 சதுர அடி, ஆகவே கைட்லைன்படி மனை 43 லட்சம்தான். அரை சதவீதம் என்பது இதன்மேல் என்றால் 21,500 ரூபாய். பேசிய விலையின்மேல் என்றால் 44,000. ஒரே சதவீதம், இரட்டிப்புத் தொகை. அவர் பேசிய விலையைத்தான் சொல்லியிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் எழுதி வாங்காவிட்டால் பின்னால் தகராறு வரும் இடம் இது.

இந்த இடத்தில் ஒரு பழைய யோசனையும் வந்து சேரும்: "ஒப்பந்தத்தில் கைட்லைன் விலையைப் போட்டுக்கொள்ளலாம், மீதியைக் கையில் வாங்கிக்கொள்கிறோம்." கட்டணமும் குறையும், கிரயத்தன்று முத்திரைத் தீர்வையும் குறையும் என்பார்கள். கிரயத்துக்குத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அது வரி ஏய்ப்பு. அதோடு, நாளை ஏதாவது தவறி கோர்ட்டுக்குப் போனால் ஒப்பந்தத்தில் எழுதிய தொகைதான் பேசும். கையில் கொடுத்த 45 லட்சத்துக்குக் கணக்கே இருக்காது. சொத்து விற்பனைக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. இரண்டு வக்கீல்களுமே இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. வக்கீல் சதவீதம் வாங்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக அந்தக் கணவர் எங்கோ படித்திருந்தார். 2017 டிசம்பரில் வந்த பி. சுனிதா வழக்கின் தீர்ப்பு அது. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதைத்தான் அந்தத் தீர்ப்பு பொதுநலக் கொள்கைக்கு எதிரானது என்றது. பார் கவுன்சில் விதியும் வழக்கின் முடிவைப் பொறுத்த கட்டணத்தைத்தான் தடுக்கிறது. ஒப்பந்தம் எழுதுவது வழக்கு அல்ல. அதற்குச் சொத்து மதிப்பில் சதவீதம் கேட்பது அந்தத் தடைக்குள் வராது. ஆகவே சட்டத்தை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. பேரம் நியாயமா என்பதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அவர்கள் கேட்ட கேள்விகள்

நியாயம் பார்க்க நான் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டேன்: கட்டணம் சொல்வதற்கு முன்னால் அந்த வக்கீல்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

முதலாமவர் விலை எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். இரண்டாமவர் விலையைக் கேட்கவே இல்லை. சொத்து யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, வாரிசுகள் எத்தனை பேர், வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா, வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதாவது காட்டுகிறதா என்று கேட்டிருக்கிறார். பதில்களைக் கேட்ட பிறகுதான் தொகை சொன்னார்.

ஒப்பந்தம் எழுதும் வேலையின் கனம் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. 3 கோடி ரூபாய் அடுக்குமாடி வீடு ஒரே ஆளின் பெயரில், ஒரே கிரயப் பத்திரத்தோடு, கடன் இல்லாமல் இருந்தால் ஒரு மாலையில் எழுதி முடிக்கலாம். 20 லட்ச ரூபாய் கிராமத்து மனைக்கு ஏழு வாரிசுகள் இருந்து, அதில் ஒருவர் மைனராகவும் இருந்தால் ஒரு மாதம் ஆகும். அரை சதவீதக் கணக்கில் முதல் வேலைக்கு ஒன்றரை லட்சம், இரண்டாவதுக்கு 10,000. முதலாவதில் வாங்குபவர் ஏமாறுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் இருக்கும் ஆபத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 10,000 ரூபாய்க்கு ஒரு மாத வேலையை யாரும் செய்யமாட்டார்கள். கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய ஒப்பந்தத்தில் பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றித் தருவார்கள். வங்கியில் என் மேஜைக்கு வந்த மோசமான ஒப்பந்தங்களில் பல இப்படி எழுதப்பட்டவைதான். மனையின் நாலு பக்க எல்லையும் சரியாக இருக்கும், உள்ளே யாருக்கு எவ்வளவு பங்கு என்றே இருக்காது.

"மதிப்பு கூடினால் என் பொறுப்பும் கூடுகிறது" என்பது முதல் வக்கீலின் வாதம். காதில் கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பை வாங்குபவர் எப்படி வசூலிப்பார்? வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிவில் வழக்குப் போடலாம், அது எத்தனை வருடம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மதிப்புக்கேற்ற கட்டணம் வாங்குகிறவர், தவறு நடந்தால் மதிப்புக்கேற்ற நஷ்டத்தைத் தாங்குவதாக எழுதித் தருவதில்லை. அதனால் அந்த வாதத்துக்கு நான் பெரிய எடை கொடுக்கவில்லை.

என்னை உண்மையிலேயே உறுத்தியது வேறு. பாதிக் கட்டணம் பதிவன்றுதான் கிடைக்கும் என்றால், பதிவு நடந்தால்தான் வக்கீலுக்கு மீதி 22,000. பத்திரங்களைப் படித்துவிட்டு "இந்தச் சொத்தை வாங்காதீர்கள்" என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அப்படிச் சொன்னால் அவருக்குப் பாதி வருமானம் போகும். அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை, அந்த ஏற்பாடு அவர் நேர்மையின்மேல் பாரம் ஏற்றுகிறது என்கிறேன். இரண்டாமவருக்கு லீகல் ஒப்பீனியனுக்கான 12,000 ரூபாய், அவர் வேண்டாம் என்று சொன்னாலும் கிடைக்கும். வாங்குபவரும் 12,000-த்தோடு வெளியே வந்துவிடலாம்.

இரண்டாமவரையே அமர்த்திக்கொண்டார்கள்.

பத்திரங்களில் கிடைத்தது

மனையை வாங்கியவர் விற்பவர்களின் அப்பா. 1991-ல் கிரயம் வாங்கியிருக்கிறார், சுயமாகச் சம்பாதித்த சொத்து. 2014-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். விற்க முன்வந்தவர்கள் அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும். மூத்த மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். நாலு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது அந்தக் குடும்பத்தின் நினைப்பு. தரகரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

2014-ல் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஐந்தாவது பெயர் இறந்தவரின் அம்மா, அதாவது பாட்டி. அவர் 2017-ல் காலமானார். "பாட்டிதான் போயிட்டாங்களே, இப்ப நாங்க நாலு பேர்தானுங்க" என்று மகன் சொன்னதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. பல குடும்பங்கள் இப்படித்தான் நம்புகின்றன.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோருக்கும் சமமாகப் போகும். ஆகவே 2014-லேயே பாட்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டது. அவர் இறந்ததும் அந்தப் பங்கு திரும்பி மருமகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் மட்டும் போகாது, அவருடைய சொந்த வாரிசுகளுக்குப் போகும். பாட்டிக்கு ஒரு மகளும் உண்டு, விற்பவர்களின் அத்தை. பாட்டியின் பங்கில் பாதி அத்தைக்கு, மீதிப் பாதி ஏற்கெனவே இறந்த மகனின் மூன்று பிள்ளைகளுக்கு. மருமகளுக்கு இதில் எதுவும் இல்லை. கணக்குப் போட்டால் மொத்தச் சொத்தில் பத்தில் ஒரு பங்கு அத்தையுடையது, 88 லட்சத்தில் 8 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அவர் கையெழுத்து இல்லாமல் பதிந்திருந்தால் வாங்கியவர்களுக்குப் பத்தில் ஒன்பது பங்குதான் கிடைத்திருக்கும். மீதிக்கு அத்தையோ அவர் பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.

வில்லங்கச் சான்றில் இன்னொரு பதிவும் இருந்தது. 2006-ல் அப்பா ஒரு வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார், எம்.ஓ.டி. என்ற அந்த அடமான ஆவணம் பதிவாகியிருக்கிறது. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது, பத்திரமும் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை. வங்கிக் கடனில் வாங்குபவருக்கு இது நேரடித் தடை. புதிதாகக் கடன் கொடுக்கும் வங்கி அந்த ரசீது இல்லாமல் பணம் விடுவிக்காது.

ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டது

பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தையிடம் விடுதலைப் பத்திரம் வாங்கலாமா என்று முதலில் யோசித்தார்கள். வக்கீல் அதை வேண்டாம் என்றார். அதற்குத் தனியாகத் தீர்வையும் பதிவுச் செலவும் ஆகும். அவரையும் ஐந்தாவது விற்பவராகச் சேர்த்து, அவர் பங்குப் பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும் என்றார். குடும்பத்துக்குள் இதைப் பேச மூன்று வாரம் ஆனது. அட்வான்ஸ் 10 லட்சமும் ஐந்து பேரின் பங்கு விகிதப்படி ஐந்து கணக்குகளுக்குப் பிரிந்து போனது, ஒவ்வொரு தொகையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. நாளைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதில் பேச்சுக்கு இடமில்லை.

சிங்கப்பூர் மகளுக்கு இரண்டு ஏற்பாடு. அவர் நேரில் வர முடியாததால் தம்பிக்குப் பவர் கொடுக்க வேண்டும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். விற்கவும், பணம் பெறவும், பதிவு அலுவலகத்தில் ஆஜராகவும் அதிகாரம் தருவதாகப் பவரில் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்தார். அப்புறம் டிடிஎஸ். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் உள்நாட்டில் இருக்கும் நாலு பேர் பணத்தில் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கு விகிதமே வேறு, அதைவிடப் பல மடங்கு அதிகம். அதைப் பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். மகளின் பங்கு சுமார் 20 லட்சத்து 53 ஆயிரம் என்பதால் சின்ன விஷயம் இல்லை. பிடித்தம் போக மீதிதான் வரும் என்று அவர் ஒப்பந்தத்திலேயே சம்மதித்தார். பதிவன்று "ஏன் குறையுது?" என்ற சண்டை அதோடு தீர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வரி காலக்கெடு பற்றியது. வழக்கமான ஒப்பந்தங்களில் "இன்று முதல் 4 மாதத்துக்குள்" என்று இருக்கும். விற்பவர் ரசீது கொண்டுவரவே 4 மாதம் ஆகிவிட்டால் வாங்குபவரின் கெடு அவர் தவறில்லாமலே தீர்ந்துவிடும். இந்த ஒப்பந்தத்தில், அடமான ரசீதும் முத்திரையிட்ட பவரும் வாங்குபவர் கையில் எழுத்து மூலம் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள் என்று எழுதினார். அவற்றைக் கொடுக்கவும் விற்பவருக்கு ஒரு இறுதிக் கெடு, 5 மாதம். அது தவறினால் வாங்குபவர் விரும்பினால் அட்வான்ஸை முழுதாகத் திரும்பப் பெறலாம், அல்லது காத்திருக்கலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போடும் 3 வருடக் காலவரம்பும் குறித்த தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும் என்பதால், தேதி எங்கே தொடங்குகிறது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. மதுரைச் சொத்து ஒன்று சம்பந்தப்பட்ட வித்யாநாதம் வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம், ஆறு மாதக் கெடு போட்டுவிட்டு இரண்டரை வருடம் சும்மா இருந்த வாங்குபவருக்குச் சொத்தைத் தர மறுத்தது. காலவரம்புக்குள்தான் வழக்குப் போட்டிருந்தார், இருந்தும் பலனில்லை.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் நிறைவேற்றல் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும், அதே மனையை வேறு யாரும் தெரியாமல் வாங்க முடியாது. சுவாதீனம் கொடுக்காத ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் அட்வான்ஸில் 1 சதவீதம், இங்கே 10,000 ரூபாய். 88 லட்சத்தில் ஒரு சதவீதம் என்று பயந்து சிலர் பதியாமல் விடுகிறார்கள்.

கடைசி பில்

வங்கி ரசீதுதான் இழுத்தது. அந்தக் கிளை வேறொன்றோடு இணைந்துவிட்டதால் பழைய கடன் கணக்கைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காலக்கெடு வரி இருந்ததால் வாங்குபவர்கள் பதற்றப்படவில்லை. எல்லாம் கைக்கு வந்த பிறகு 90 நாளுக்குள் பதிவு முடிந்தது.

இரண்டாமவரின் 30,000 என்ற நிலையான கட்டணத்துக்கு மேல் கூடுதலாக மூன்று ஆவணங்கள் சேர்ந்தன: சிங்கப்பூர் பவர், வங்கிக்கான ரசீது வரைவு, அத்தைக்கும் மற்ற நால்வருக்கும் இடையே பங்கை உறுதி செய்த ஒரு கடிதம். மூன்றுக்கும் 7,500. மொத்தம் 37,500 ரூபாய். அவர்கள் தனிநபராக வாங்கியதால் வக்கீல் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.

ஆகவே அரை சதவீதத்தோடு ஒப்பிட்டால் மிச்சமானது 6,500 ரூபாய்தான், முதலில் நினைத்த 14,000 இல்லை. சிக்கல் இன்னும் மூன்று ஆவணம் கூடியிருந்தால் 45,000 ஆகி, சதவீதக்காரரே மலிவாகியிருப்பார். நிலையான கட்டணத்தின் பலவீனம் இதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. கூடுதல் வேலைக்கு என்ன விலை என்று முன்கூட்டியே எழுதி வாங்காதவர்கள் நடுவழியில் மாட்டிக்கொள்வார்கள். இங்கே 2,500 என்று எழுத்தில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் சேர்க்கலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

இதே குடும்பச் சிக்கல் 75 லட்ச ரூபாய் மனையில் இருந்திருந்தால் இரண்டு கட்டணமும் சமம், அதற்குக் கீழே சதவீதம் மலிவு. ஆனால் அங்கே நான் மலிவைப் பார்த்துச் சந்தோஷப்படமாட்டேன். பத்திரம் படித்ததற்கான எழுத்துபூர்வ ஒப்பீனியன் அந்தத் தொகையில் உண்டா, பாட்டியின் பெயரைப் போல ஒன்று வந்தால் அதைத் துரத்திப் போவாரா என்று கேட்பேன். சதவீதம் கேட்கும் வக்கீலிடமே, "ஒப்பீனியனுக்குத் தனித்தொகை, வேண்டாம் என்று சொன்னாலும் அது உங்களுக்கு, மீதிக்குச் சதவீதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு" என்று பேசிப் பார்க்கலாம். இந்தத் தம்பதி பேசிய முதல் வக்கீலிடம் நான் இதைக் கேட்கச் சொல்லியிருந்தேன். உச்சவரம்புக்கு அவர் சம்மதித்தார், 35,000 என்றார். ஒப்பீனியனைத் தனியாகப் பிரித்து எழுத்தில் தரச் சம்மதிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர்கள் இரண்டாமவரை அமர்த்தினார்கள்.